விளக்கேற்றினோம், அதனால்?

நான் எழுதிய இறுதி அறிக்கை இருபத்திரண்டு பக்கம். அனுப்பிய மூன்றாம் நாளே, எங்களுக்கு நிதி தரும் சென்னை அறக்கட்டளையின் அதிகாரி அம்மா போன் செய்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, தொண்டையைச் செருமி, ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே எங்கள் அமைப்பின் தலைவி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதிலும் கொஞ்சம் பாராட்டு விழட்டுமே என்கிற நல்லெண்ணம்.

"சார், முழுசா படிச்சேன்" என்றார் அதிகாரி. குரலில் ஒரு களைப்பு. "முதல் பக்கத்துல இறைவணக்கம். ரெண்டாவது பக்கத்துல குத்துவிளக்கு. அஞ்சாவது பக்கத்துல சுண்டல். ஒன்பதாவது பக்கம் வந்தும் ஒரு அம்மாவுக்குக்கூட எதுவும் மாறலையே சார்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை அணைக்கப் போய், பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"நீங்க என்னென்ன பண்ணீங்கன்னு இருக்கு. அதனால யாருக்கு என்ன ஆச்சுன்னு இல்ல. எங்க கமிட்டி மேசையில ஒரு கட்டு ரிப்போர்ட் இருக்கும். அவங்க முதல் பக்கம் பார்ப்பாங்க, தலைப்பு பார்ப்பாங்க, ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரிய பார்ப்பாங்க. அவ்வளவுதான். அதுல இல்லாதது எங்கயும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடுங்க. ரெண்டாம் கட்ட நிதி இத வச்சுத்தான்."

போன் வைத்த பிறகு அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "சுண்டலு என்னாத்துக்குப்பா எழுதின?"

"நல்லா இருந்துச்சுக்கா."

எங்கள் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேக்கரியின் மாடியில் அலுவலகம். இரண்டு தெரு தள்ளி, கம்பெனிக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம். பகலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மையத்தில், இந்த அறக்கட்டளையின் நிதியால் இரண்டு வருடத்துக்கு முன் மாலை அறை ஒன்றைத் திறந்தோம். பி ஷிப்ட் என்கிற இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் தாயின் குழந்தை, இரவு கம்பெனி பஸ் அவளைக் கொண்டுவந்து இறக்கும்வரை அங்கே சாப்பிட்டுத் தூங்கும். நிதி நின்றால் மாலை அறைக்குப் பூட்டு. இந்த ஊரில் பி ஷிப்ட் வேண்டாம் என்று சொல்பவருக்குக் கம்பெனி கேட்டில் வேலையும் இல்லை.

நான் அங்கே ஆவணப் பொறுப்பாளன். அதோடு, வார விடுமுறையில் தாய்மார்களுக்குத் 'தன்னம்பிக்கை வகுப்பு' எடுப்பவனும் நானே. அறிக்கையின் இருபத்திரண்டு பக்கத்தில் அந்த வகுப்புக்கு மட்டும் நாலரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். எழுதியவன் கை தன் பக்கம்தானே சாயும்.

அன்று மதியம் மையத்துக்குப் போனபோது, குழந்தையை அழைத்துப் போக வந்த ஒரு தாய் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒப்பந்தக்காரர் மூலம், வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பகல் வேலை. இப்போது வேறொரு கம்பெனியில் நேரடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் ஏ ஷிப்ட், ஒரு வாரம் பி ஷிப்ட்.

"சார், சாயங்கால ரூம் அடுத்த மாசமும் இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லுங்க. நா அங்க பதில் சொல்லணும்லா."

"அறிக்கை எழுதிட்டு இருக்கேம்மா. அத வச்சுத்தான்."

"நீங்க எழுதித்தான் இருக்கணுமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வகுப்பில் உட்கார்ந்தவர். அவருடைய கவலை எனக்குப் புரிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி ஆரம்பித்தேன். முறை எளிதுதான். பழைய வாக்கியத்தை எடுத்து, அதன் முன்னால் நின்று 'அதனால்?' என்று கேட்க வேண்டும். மறுபடி கேட்க வேண்டும். ஒரு மனுஷி வந்து நிற்கும்வரை கேட்க வேண்டும். 'பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.' அதனால்? 'மாலை அறை பாதுகாப்பாக இயங்கியது.' அதனால்? 'தாய்மார்கள் குழந்தையை நம்பி விட்டார்கள்.' அதனால்? 'பி ஷிப்டுக்குப் போனார்கள்.' ஆ, இதோ மனுஷி! இந்தக் கடைசி வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைத்துவிட்டு, பயிற்சியைப் பின்னால் ஒரு துண்டு வாக்கியமாக ஒட்ட வேண்டும். சொல்ல எளிது. செய்யும்போது, சொந்தக் குழந்தையின் முடியை நாமே வெட்டுவதுபோல் இருக்கிறது.

'மாலை அறைச் செயல்பாடுகள்' என்ற என் தலைப்பையும் மாற்றினேன். அது கடைப் பலகை மாதிரி. உள்ளே என்ன விற்கிறது என்று சொல்லும், விற்றதா என்று சொல்லாது. புதிய தலைப்பு ஒரு முழு வாக்கியம்: 'மாலை அறை திறந்த பிறகு தாய்மார்கள் இரண்டாம் ஷிப்ட் வேலையை ஏற்கத் தொடங்கினர்.' தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இதுவரை சரி. பிறகு எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அதுதான் என் வியாதி. 'குடும்ப வருமானம் கணிசமாக உயர்ந்தது' என்று எழுதினேன். 'பெண்கள் தொழில்துறையில் புதிய அத்தியாயம் படைத்தனர்' என்றும் எழுதினேன். இரண்டே பக்கத்தில் ஓசூரையே மாற்றிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா படித்தார். அவர் சிங்காரப்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விளைச்சலைக் கண்ணால் பார்க்காமல் மூட்டைக் கணக்குச் சொல்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வருமானம் ஏறிச்சுன்னு யாரு சொன்னாங்க?"

"ஏறியிருக்கும்லக்கா?"

"கேட்டியா?"

"கேக்கல."

"அப்ப ஏறல. அடி." கொஞ்சம் யோசித்தார். "பி ஷிப்டுக்குப் போறாங்கன்றியே, அதுவும் நம்மால மட்டுமாப்பா? ரெண்டு கம்பெனி வீட்டுத் தெரு வரைக்கும் பஸ்ஸு விட்டாங்களே. அதயும் சொல்லணும். நாமளே பஸ்ஸு ஓட்டின மாதிரி எழுதாத."

பேனாவை வாங்கிக்கொண்டார். புதிய அத்தியாயத்தையும் அடித்தார்.

அப்புறம் பெரிய தலைவலி. நிதி கேட்டு விண்ணப்பித்தபோது நாங்கள் கொடுத்த ஐந்து இலக்குகளில் ஒன்று இது: மாலை அறையைப் பயன்படுத்தும் தாய்மார்களில் பெரும்பாலோர் ஒரு வருடமாவது *அதே கம்பெனியில்* வேலையில் தொடர்வார்கள். என் இருபத்திரண்டு பக்க அறிக்கையில் இது எங்குமே இல்லை. நான் ஒளித்துவைக்கவில்லை; சுண்டலில் மறந்துபோயிருந்தேன். இப்போது தப்பிக்க வழியில்லை. மாலை அறையைப் பயன்படுத்திய தாய்மார்கள் எல்லாருக்கும் சாப்பாட்டு இடைவேளையில் போன் போட உட்கார்ந்தோம். மையத்தில் சேரும்போது எந்த ஷிப்ட், எந்தக் கம்பெனி என்று கேட்டுப் படிவத்தில் எழுதியிருந்தோம். இன்றைக்கு நிலைமை என்ன என்று கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். முதலில் எடுத்தவர் சொன்னார்: "அண்ணா, நா லோன் எதுவும் வாங்கல." இரண்டாமவர் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கத்தினார். நான் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்திக்கொண்டேன். "ஓ, தன்னம்பிக்கையா? லோன் மீட்டிங்னு நெனச்சு பயந்துட்டேன்" என்று தமிழுக்கு வந்தார்.

எல்லாம் கேட்டு முடித்தபோது கணக்கு இப்படி நின்றது. சேரும்போது பி ஷிப்டுக்குப் போக முடிந்தவர்கள் நான்கே பேர். இப்போது இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் போகிறார்கள். அருமை. ஆனால் அதே கம்பெனியில் இருப்பவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் மாறியிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு. சிலர் நல்ல வேலைக்கு, சிலர் அதே மாதிரி வேலைக்கு. ஊருக்குத் திரும்பிப் போனவர் மட்டும் யாருமில்லை.

"இலக்கு தோத்துப்போச்சுக்கா" என்றேன்.

"தோத்ததயும் எழுதணுமா?" என்றார் அக்கா. இந்த முறை அடிக்கும் கை கொஞ்சம் தயங்கியது. மாலை அறை அவருடைய உயிர்.

"அவங்க விண்ணப்பத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அஞ்சு இலக்கு குடுத்துட்டு நாலுக்கு மட்டும் பதில் சொன்னா, அஞ்சாவதுதான் மொதல்ல கண்ணுல படும்."

எழுதினோம். தலைப்பிலேயே: 'அதே கம்பெனியில் தொடர்வது என்ற இலக்கை எட்டவில்லை, ஆனால் அனைவரும் ஓசூரிலேயே வேலையில் தொடர்கிறார்கள்.' கீழே, எத்தனை பேர், எப்படித் தெரிந்துகொண்டோம், ஏன் அந்த இலக்கு இங்கே ஒத்துவராது, அடுத்த கட்டத்தில் எதை அளப்போம் என்று நாலு வரி. இருபத்திரண்டு பக்கம் மூன்றானது. கூட்டங்களின் விவரமெல்லாம் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை. விளக்கு அணைந்தது. சுண்டல் காலி.

முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. எங்கள் அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இறுதி அறிக்கையும் அனுப்புவதற்கு முன், மையத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, உரக்க வாசிக்கப்படும். உதவி செய்தவர்கள் தங்கள் பெயர் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஷாமியானா கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், மைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்தவர். இத்தனை வருடம் நான் காதுக்காக எழுதிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. சென்னையில் ஓடும் கண்ணுக்கு எழுதச் சொல்கிறார்கள்; மூக்கண்டப்பள்ளியில் உட்கார்ந்த காது கேட்கிறது. நடுவில் நான்.

வியாழக்கிழமை மாலை கூடினோம். முன் வரிசையில் கட்டட உரிமையாளர். மாலை அறை இருக்கும் கட்டடம் அவருடையது. ஒரு காலத்தில் கேழ்வரகும் தக்காளியும் போட்ட நிலத்தில் இன்று வரிசை வீடுகள் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். எங்களுக்கு அந்த அறையைப் பாதி வாடகைக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வெள்ளை வேட்டியோடு வந்திருந்தார், தன் பெயரைக் கேட்க.

வாசித்தேன். மூன்று பக்கம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு பெயர்கூட இல்லை. ஷாமியானாக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். கட்டட உரிமையாளர் எழுந்தார்.

"ஏமய்யா ரிப்போர்ட்டு, அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"போன வருசம் என்ன வள்ளல்னு படிச்ச. இந்த வருசம் நா செத்துட்டனா?"

"இல்லீங்க, இப்ப சுருக்கமா..."

"அது போவட்டும். எட்டலன்னு ஒண்ணு படிச்சியே, அது என்னா? என் ரூமுல நடந்தது தோத்துப்போச்சுன்னு மெட்ராசுக்கு எழுதிப் போடறியா? அப்பறம் என்னாத்துக்கு ரூமு? சாவியக் குடுங்க. நா கடைக்கு விட்டுக்கறேன்."

நிதியைக் காப்பாற்ற எழுதிய வரியால் அறையே போகும்போல் இருந்தது. பின் வரிசையில் அந்தத் திருநெல்வேலித் தாய், மடியில் குழந்தையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னிடமிருந்த ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

"அய்யா" என்றேன், "அதே கம்பெனியில இல்லன்னுதான் சொன்னேன். கம்பெனி மாறினாங்க. வீடு மாறினாங்களா?"

"என்னா வீடு?"

"உங்க வரிசை வீடுங்க. இவங்கள்ல பாதிப் பேரு அங்கதான இருக்காங்க. குழந்தைய பாத்துக்க ஆளில்லன்னா முன்னெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அட்வான்ஸ வாங்கினு ஊருக்குப் போயிடுவாங்க. நடு மாசத்துல. பெயிண்ட் அடிச்சு வேற ஆளு தேடணும்."

"இந்த ரெண்டு வருசத்துல?"

வெள்ளை வேட்டி மெதுவாக உட்கார்ந்தது. மனசுக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"போவல" என்றார். பிறகு சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி: "அப்ப வேலைய விட்டுட்டு ஊருக்குப் போவல. அதான சமாச்சாரம்? அத மொதல்ல படிக்கறதுக்கு என்னா? எட்டலன்னு மொதல்ல படிச்சா எவன் கேப்பான்?"

அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் அங்கேயே இடம் மாற்றினேன். 'மாலை அறையைப் பயன்படுத்திய எந்தத் தாயும் வேலையை விட்டு ஊர் திரும்பவில்லை. ஆனால் அதே கம்பெனியில் தொடர்வது என்ற இலக்கை எட்டவில்லை.' எட்டாததும் தலைப்பிலேயே நின்றது. அதை நகர்த்த அக்கா விடவில்லை. உள்ளூர்ப் பங்களிப்பு என்று ஒரு வரி சேர்த்தோம்: அறை பாதி வாடகையில் கிடைக்கிறது. நிதி தருபவர்கள் விரும்பும் வரிதான் அது, இத்தனை நாள் அவரை வள்ளல் என்று புகழ்ந்ததில் விட்டுப்போயிருந்தது. பெயர்களுக்குத் தனியாக ஒரு நன்றித் தாள் எழுதி, மையத்தில் மட்டும் வாசிப்பது என்று முடிவானது. அதை அப்போதே வாசிக்கச் சொன்னார் கட்டட உரிமையாளர். வாய்க்கு வந்ததை வாசித்தேன். இரண்டு இடத்தில் வள்ளல் போட்டேன். சாவிப் பேச்சு அதோடு நின்றது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது அக்கா கடைசி ஒரு கேள்வி வைத்திருந்தார். "உன் வகுப்பு எங்கப்பா? மூணு பக்கத்துல காணோமே."

அதைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நாலரைப் பக்கத்தின் முன்னால் எத்தனை முறை நின்று 'அதனால்?' என்று கேட்டும் யாரும் வந்து நிற்கவில்லை. 'தாய்மார்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' அதனால்? 'கைதட்டினர்.' அதனால்? போனில் கேட்ட கேள்விகளில், வகுப்பால் ஏதாவது மாறியதா என்பதும் ஒன்று. எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எந்தத் தலைப்பில் வைப்பது?

"பின்னிணைப்புல போட்டுட்டு விட்றலாமாக்கா?"

"அஞ்சாவது இலக்குக்கு என்ன சொன்ன நீ?" என்றார்.

எழுதினேன். 'தன்னம்பிக்கை வகுப்புகளால் ஏற்பட்ட மாற்றம் எதையும் எங்களால் காட்ட முடியவில்லை.' என் எழுத்து வாழ்க்கையிலேயே சுருக்கமான வாக்கியம் அது. ஓடும் கண்ணும் தடுக்கி விழும் அளவுக்குத் தெளிவு.

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். அடுத்த வாரம் அதிகாரி அம்மா கூப்பிட்டார். இந்த முறை நான் ஸ்பீக்கரில் போடவில்லை. அக்காவே பிடுங்கிப் போட்டார்.

"கமிட்டி பாத்தாங்க. அந்த எட்டாத இலக்கப் பத்தித்தான் அதிக நேரம் பேசினாங்க. கம்பெனி மாறுறது இங்க சகஜம்னு நீங்க எழுதினத ஏத்துக்கிட்டாங்க. மாலை அறைக்கு நிதி தொடருது." அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அந்த வகுப்புக்கு மட்டும்..." ஒரு சின்ன இருமல். "சாரி சார். அத நிறுத்திட்டாங்க. மத்தபடி, இத எழுதினவர் யாரு? ரொம்பத் தெளிவா இருக்குன்னு சொன்னாங்க."

இப்படியொரு பாராட்டு யாருக்குக் கிடைக்கும்? சொந்த வகுப்பைச் சொந்தக் கையால் தூக்கில் போட்டுவிட்டு, முடிச்சு அழகாக இருக்கிறது என்று பெயர் வாங்கினேன். போதாததற்கு, அவர் போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார்: "அப்புறம் சார், தணிக்கைக்காரங்க தொடக்க விழா போட்டோ கேக்கறாங்க. பேனர் தெரியணும். விளக்கேத்தற மாதிரி இருந்தா நல்லது."

சேதி சொல்ல மையத்துக்குப் போனேன். திருநெல்வேலித் தாய் குழந்தையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ரூம் இருக்கும்மா. பதில் சொல்லிடுங்க."

அவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடனே போனை எடுத்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "சார், நா வாரேன். எந்த ஷிப்ட்னாலும் வாரேன்" என்று சொல்வது கேட்டது. திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

"என் வகுப்புதான் போச்சு" என்றேன். கொஞ்சம் ஆறுதல் கிடைக்குமோ என்ற நப்பாசை.

"ஐயோ, அப்படியா சார்? நல்லாத்தான் இருந்துச்சு. வாரம் பூரா நின்னுட்டு வந்து அங்க உக்காந்தா, அப்படி ஒரு தூக்கம் வரும்" என்றார். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. மற்றதைத் தேடிக் குனிந்தார். நான் விழா போட்டோவைத் தேட அலுவலகத்துக்கு நடந்தேன்.